‘கனிவா இருக்கட்டும்’, ‘சுருக்குங்க’, ‘அழுத்தமா சொல்லுங்க’: ஒரே கடிதத்தைப் பல சுற்றுகளில் திருத்துவது எப்படி?

ஒரு சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ கடிதம் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறது என்றால், எழுதுவதைவிடத் திருத்துவதில்தான் அதிக நேரம் போகும். வரைவை அனுப்பியதும் ஒருவர் “கொஞ்சம் கனிவா இருக்கட்டுமே” என்பார். மாற்றி அனுப்பினால் இன்னொருவர் “பெரிசா இருக்கு, சுருக்குங்க” என்பார். சுருக்கினால் “இப்படிச் சொன்னா யாரு கேப்பாங்க, அழுத்தமா சொல்லுங்க” என்று வரும். நான்காவது சுற்றில் “முதல்ல எழுதினதே நல்லா இருந்துச்சு” என்ற பேச்சும் எழும்.

கனிவைக் கூட்டினால் நீளம் கூடுகிறது, நீளத்தைக் குறைத்தால் கனிவு போகிறது, அழுத்தத்தைக் கூட்டினால் கோபம் தெரிகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் செய்ததை அழித்துவிடுவதால்தான் இந்த வேலை முடிவில்லாமல் இழுக்கிறது. அப்படி அழியாமல் திருத்தும் முறையை ஒரே ஒரு கடிதத்தை வைத்து இங்கே பார்ப்போம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று, மூன்று மாதமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டாத ஒரு வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம் அது. பணம் கேட்க வேண்டும், உறவும் கெடக் கூடாது. நாளைக்கும் அதே லிஃப்டில்தான் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

செயலாளர் எழுதிய முதல் வரைவு இது:

> அன்புடையீர், நமது குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணம் தங்களால் கடந்த மூன்று மாதங்களாகச் செலுத்தப்படாமல் உள்ளது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். இதனால் சங்கத்தின் அன்றாடச் செலவுகளைச் சமாளிப்பதில் பெரும் சிரமம் ஏற்பட்டுள்ளது. பலமுறை நினைவூட்டியும் எவ்விதப் பதிலும் வரவில்லை. எனவே நிலுவைத் தொகையான ரூ.9,000-ஐ உடனடியாகச் செலுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை எடுக்க நேரிடும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இலக்கணப் பிழை இல்லை, பார்க்க மரியாதையாகவும் இருக்கிறது. இப்படித்தான் பெரும்பாலான சங்கக் கடிதங்கள் இருக்கும்.

திருத்தத் தொடங்கும் முன்: மாறக் கூடாதவை

முதல் கருத்து வருவதற்கு முன்பே ஒரு தாளில் நான்கைந்து வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றிலும், எல்லோரையும் கேட்டு முடிவெடுக்காமல், கடிதத்திலிருந்து காணாமல் போகக் கூடாத செய்திகள் இவை. நம் கடிதத்துக்கு அந்தப் பட்டியல் இப்படி இருக்கும்: எந்த வீடு, எந்தெந்த மாதம் (பி-12, ஜூலை முதல் செப்டம்பர் வரை). எவ்வளவு (ரூ.9,000). எந்தத் தேதிக்குள் (அக்டோபர் 15). தேதி தாண்டினால் என்ன (சங்க விதிப்படி மாதத்துக்கு ரூ.150 தாமதக் கட்டணம்). சிக்கல் இருந்தால் யாரிடம் பேசுவது (பொருளாளர்). வங்கிக் கணக்கு எண்ணும் யூபிஐ முகவரியும் கடிதத்தின் அடியில் தனி வரியாக இருக்கட்டும். அந்த வரியை எந்தச் சுற்றிலும் தொடவே வேண்டாம்.

இந்தப் பட்டியலை முதல் வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தில் முழுதாக இருப்பது தொகை ஒன்றுதான். வீட்டு எண் இல்லை. ‘கடந்த மூன்று மாதங்கள்’ என்பது கடிதம் கையில் கிடைக்கும் நாளைப் பொறுத்து மாறிவிடும். ‘உடனடியாக’ என்பது தேதி ஆகாது. ‘கடும் நடவடிக்கை’ என்ன என்று எழுதியவருக்கே தெரியாது. தொனியைப் பற்றி யாரும் வாய் திறப்பதற்கு முன்பே இந்தக் கடிதத்தில் ஓட்டை இருக்கிறது. தொனி சரியில்லை என்று வரும் கருத்துகளில் பாதி, உண்மையில் செய்தி சரியில்லாததால் வருவதுதான். தேதி இல்லாத கடிதம் படிப்பவரை மிரட்டுவது போலத் தோன்றும், அனுப்புபவருக்கோ அதுவே மழுப்பலாகத் தோன்றும்.

ஆகவே முதல் வேலை அந்த ஐந்தையும் வரைவுக்குள் கொண்டுவருவது. பிறகு அந்த வரைவுக்கு ஒரு பெயர் வைத்துத் தனியாகச் சேமித்து விடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதுகிறீர்கள் என்றால் `File > Version history > Name current version` என்ற இடத்தில் ‘சுற்று 0’ என்று பெயர் கொடுக்கலாம். வேர்டில் என்றால் `Review > Track Changes` போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோப்பை வேறு பெயரில் சேமியுங்கள். “முதல்ல இருந்ததே பரவாயில்ல” என்ற குரல் வரும்போது அந்த ‘முதல்’ உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதல் சுற்று: “கொஞ்சம் கனிவா இருக்கட்டும்”

சங்கத் தலைவரிடமிருந்து இந்தக் கருத்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் விசைப்பலகையைத் தொடாதீர்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த வரியில் உங்களுக்கு உறுத்துச்சு?” அநேகமாக எல்லோராலும் வரியைக் காட்ட முடியும். காட்ட முடியவில்லை என்றால் கடிதத்தை அவர் முன்னால் சத்தமாகப் படியுங்கள். முகம் சுளிக்கும் இடம்தான் அந்த வரி. கருத்து கடிதம் முழுவதைப் பற்றியது போல இருந்தாலும், காரணம் பெரும்பாலும் ஓரிரண்டு வாக்கியங்களில்தான் இருக்கும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. மரியாதைச் சொற்களை மேலே தூவுவார்கள். ‘அன்புடையீர்’ என்பது ‘பெருமதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்’ ஆகும். ‘தயவுகூர்ந்து’, ‘தாழ்மையுடன்’, ‘தங்கள் மேலான’ எல்லாம் வந்து சேரும். இவை மரியாதையைக் கூட்டும். கூடவே தூரத்தையும் கூட்டும். தெரிந்தவரிடமிருந்து ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று கடிதம் வந்தால், ‘என்ன பிரச்சினையோ’ என்றுதான் மனம் முதலில் நினைக்கும்.

உறுத்தல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ‘தங்களால் செலுத்தப்படாமல் உள்ளது’ என்பதில் மரியாதைச் சொல்லுக்கு உள்ளேயே குற்றச்சாட்டு இருக்கிறது. பணம் வராத நிகழ்வை ஒருவர் செய்த தவறாக அது காட்டுகிறது. ‘கட்டணம் இன்னும் கணக்கில் வரவில்லை’ என்றால் அதே உண்மையை, விரல் நீட்டாமல் சொல்லியாயிற்று. அடுத்தது ‘பலமுறை நினைவூட்டியும் எவ்விதப் பதிலும் வரவில்லை’. அந்த ‘நினைவூட்டியும்’ என்பதில் உள்ள உம்-மும் ‘பதிலும்’ என்பதில் உள்ள உம்-மும்தான் சலிப்பைச் சுமக்கின்றன. ‘சொல்லியும் கேக்கலயே’ என்று வீட்டில் சத்தம் போடும்போது வருகிற அதே உம். இந்த வாக்கியத்தை மென்மையாக்க முயல வேண்டாம், எடுத்துவிடுங்கள். மாறாதவை பட்டியலில் அது இல்லை என்பதால் எடுத்தால் எதுவும் குறையாது.

இனிக் கனிவைச் சேர்க்கும் இடம். எழுத்தில் கனிவு என்பது படிப்பவரின் நிலையை நாம் யோசித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிவது. ஏன் கட்டாமல் இருந்திருக்கலாம்? மறந்திருக்கலாம். கட்டியும் நம் பதிவில் ஏறாமல் இருந்திருக்கலாம். கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். இந்த மூன்றுக்கும் கடிதத்தில் ஒரு வழி திறந்து வையுங்கள். இரண்டாவது வரைவு இப்படி வரும்:

> வணக்கம். பி-12 வீட்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதப் பராமரிப்புக் கட்டணம் ரூ.9,000 இன்னும் சங்கக் கணக்கில் வரவில்லை. வேலை நெருக்கடியில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது நீங்கள் அனுப்பிய பணம் எங்கள் பதிவேட்டில் ஏறாமல் இருக்கலாம். அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணை மட்டும் சொல்லுங்கள், சரிபார்த்துவிடுகிறோம். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, காவலர் சம்பளம் எல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான் போகின்றன. அக்டோபர் 15-க்குள் செலுத்தினால் உதவியாக இருக்கும். மொத்தமாகக் கட்டுவது சிரமம் என்றால் பொருளாளரிடம் பேசுங்கள், இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

‘எங்கள் பதிவேட்டில் ஏறாமல் இருக்கலாம்’ என்ற பகுதி இந்தச் சுற்றில் மிக முக்கியமானது. தவறு நம் பக்கமும் இருக்கக் கூடும் என்று ஒப்புக்கொள்வதால், படிப்பவர் தற்காப்புக்குப் போக வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இது வெறும் பண்புக்காகச் சேர்த்ததும் இல்லை. வீட்டு எண் குறிப்பிடாமல் யூபிஐயில் வரும் பணம் யாருடையது என்று தெரியாமல் கிடப்பது சங்கக் கணக்குகளில் வழக்கமாக நடப்பதுதான். கனிவுக்காகச் சேர்க்கும் வரி உண்மையாகவும் இருக்க வேண்டும். ‘உங்கள் சிரமத்தை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்’ என்று அவருடைய சிரமம் என்னவென்றே தெரியாமல் எழுதினால், அது அச்சடித்த வாழ்த்து அட்டை போல இருக்கும்.

திருப்பி அனுப்பும் முன் மாறாதவை பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வீடு, மாதம், தொகை, தேதி, பொருளாளர் எல்லாம் இருக்கின்றன. தாமதக் கட்டணம் மட்டும் காணவில்லை. கனிவாக்கும் சுற்றில் எப்போதும் விழுவது பின்விளைவு வரிதான். இதை உடனே திரும்பச் சேர்ப்பதா, இந்த முறை வேண்டாம் என்று விடுவதா என்பது நீங்கள் தனியாக எடுக்கும் முடிவு அல்ல. திருத்திய வரைவோடு இரண்டு வரிக் குறிப்பு அனுப்புங்கள்: “நினைவூட்டல் பற்றிய வரியை எடுத்திருக்கிறேன். தாமதக் கட்டணம் பற்றி இப்போது எதுவும் இல்லை, அது வேண்டுமா என்று சொல்லுங்கள்.” இந்தக் குறிப்பு இல்லாமல் அனுப்பினால், மூன்று சுற்று கழித்து யாராவது “அபராதம் பத்தி ஏன் போடல?” என்று கேட்பார்கள்.

இரண்டாம் சுற்று: “சுருக்குங்க”

இப்போது கடிதம் 55 சொல். முதல் வரைவு 45 சொல்தான் இருந்தது. பொருளாளர் பார்த்துவிட்டு நீளம் என்கிறார். அவர் சொல்வது நியாயம். கனிவான வரைவுகள் வளர்ந்துவிடும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இது எதில் போகப் போகிறது?” கதவடியில் வைக்கும் தாள் என்றால் 55 சொல் நீளமே இல்லை. வாட்ஸ்அப்பில் போகிறது என்றால் கைபேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். எஸ்எம்எஸ் என்றால் கணக்கே வேறு. தமிழில் அனுப்பும் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 குறியீடுகள்தான் கொள்ளும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் 67 என்று பிரியும், துண்டுக்குத் துண்டு கட்டணமும் ஏறும். மேலும் அது நாம் எண்ணும் எழுத்துக் கணக்கும் இல்லை. புள்ளி ஒரு குறியீடு, கொக்கி ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு. ‘பராமரிப்பு’ என்பதில் நம் கணக்குப்படி ஆறு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 10. அந்த அளவுக்குள் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டுமென்றால் “பி-12: ரூ.9,000 பராமரிப்பு பாக்கி. அக்.15-க்குள் செலுத்துங்கள்.” என்ற அளவுக்குத்தான் இடம் இருக்கும். இதில் கனிவுக்கு இடமில்லை என்பதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் கடிதம் வாட்ஸ்அப்பில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு குறைக்க வேண்டும்? ‘சுருக்குங்க’ என்று கேட்டவருக்கு ஐந்தாறு சொல் குறைந்தது கண்ணுக்கே தெரியாது. குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது போனால்தான் சுருங்கியது போலத் தோன்றும். ஆகவே சொல் சொல்லாகக் கிள்ளுவதற்கு முன், முழு வாக்கியம் எதை எடுக்கலாம் என்று பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது செய்யும் வேலையை ஒரு சொல்லில் எழுதுங்கள்: செய்தி, ஊகம், வழி, காரணம், கோரிக்கை, வழி. இதில் ‘காரணம்’ போகலாம். லிஃப்டும் தண்ணீர் லாரியும் எதிலிருந்து நடக்கின்றன என்று குடியிருப்பவருக்குத் தெரியும். ‘ஊகம்’ என்ற வாக்கியமும் போகலாம், ஏனென்றால் அது சொல்ல வந்ததை அடுத்த ‘அனுப்பியிருந்தால்’ வாக்கியமே சுமக்கிறது. தவணை எத்தனை என்பதைப் பொருளாளரே நேரில் சொல்லிக்கொள்வார்.

> வணக்கம். பி-12 வீட்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பராமரிப்புக் கட்டணம் ரூ.9,000 இன்னும் வரவில்லை. அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள், சரிபார்த்துவிடுகிறோம். இல்லையென்றால் அக்டோபர் 15-க்குள் செலுத்தினால் உதவியாக இருக்கும். மொத்தமாகக் கட்டுவது சிரமம் என்றால் பொருளாளரிடம் பேசுங்கள்.

28 சொல். கிட்டத்தட்டப் பாதி. ஆனால் முதல் சுற்றில் தலைவர் கேட்ட கனிவு எங்கே இருந்ததோ அந்த இரண்டு வழிகளும் அப்படியே இருக்கின்றன. சுருக்கும்போது கவனிக்க வேண்டியது இதுதான். கனிவு தரும் வாக்கியங்கள் ‘செய்தி இல்லாதவை’ போலத் தெரிவதால் கத்தரி முதலில் அங்கேதான் போகும். முந்தைய சுற்றில் யாருக்காக எதைச் சேர்த்தீர்களோ, அதில் ஒன்றாவது மிஞ்ச வேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் தலைவர் திரும்பவும் ‘கனிவா’ என்பார், நீங்கள் வட்டமடிக்கத் தொடங்குவீர்கள்.

வாக்கியங்களை எடுத்த பிறகும் நீளம் என்றால் வாக்கிய முடிவுகளைப் பாருங்கள். தமிழ்க் கடிதங்களில் தேவையற்ற எடை அங்கேதான் சேர்கிறது. ‘வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்பதில் ‘வரவில்லை’ போதும். ‘தாமதமான காரணத்தினால்’ என்பது ‘தாமதமானதால்’. ‘தவறும் பட்சத்தில்’ என்பது ‘தவறினால்’. இந்த வெட்டுகளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், பொருளில் எதுவும் மாறுவதில்லை.

மூன்றாம் சுற்று: “அழுத்தமா சொல்லுங்க”

சுருக்கிய வரைவைச் செயற்குழுவில் வாசித்ததும் ஒருவர் சொல்கிறார்: “உதவியா இருக்கும்னு கெஞ்சினா யாரும் கட்ட மாட்டாங்க.” இதுவும் நியாயமான கருத்துதான். தொனி சம்பந்தமான திருத்தங்களிலேயே அதிகம் கெட்டுப்போகும் சுற்றும் இதுதான், ஏனென்றால் அழுத்தத்தைக் கோபத்தோடு குழப்பிக்கொள்வது மிக எளிது.

‘உடனடியாக’, ‘கண்டிப்பாக’, ‘கடும்’, ‘இறுதி எச்சரிக்கை’, மூன்று ஆச்சரியக்குறி, தடித்த சிவப்பு எழுத்து இவற்றையெல்லாம் சேர்த்தால் எழுதியவரின் எரிச்சல் தெரியும். படிப்பவர் செய்ய வேண்டியது தெளிவாகாது. அழுத்தத்துக்குத் தேவையானவை மூன்றே மூன்று. வினைமுற்று, தேதி, உண்மையிலேயே நடக்கப்போகும் பின்விளைவு.

வினைமுற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழில் ஒரே கோரிக்கையைப் பல படிகளில் சொல்ல முடியும். ‘செலுத்தினால் உதவியாக இருக்கும்’ என்பது அடிப்படி. அதற்கு மேல் ‘செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்’. அதற்கு மேல் ‘செலுத்துங்கள்’. அடுத்து ‘செலுத்திவிடுங்கள்’. உச்சியில் ‘செலுத்த வேண்டும்’. ஒரு சுற்றில் இரண்டு மூன்று படி ஏறினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடியிலிருந்து உச்சிக்குத் தாவினால், ஏதோ நடந்திருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். ‘செலுத்தவும்’ என்பதை இந்த ஏணியில் நான் வைக்கவில்லை. அறிவிப்புப் பலகைக்கும் படிவத்துக்கும் அது பொருந்தும். ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் அழுத்தம் கூடாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டது போல ஆக்கிவிடும்.

இங்கே ‘செலுத்திவிடுங்கள்’ பொருத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். ‘விடு’ என்ற துணைவினை காரியம் முடிந்துவிட வேண்டும் என்ற உறுதியைச் சொல்கிறது. அதே சமயம் வீட்டுப் பேச்சில் வரும் வடிவம் என்பதால் நெருக்கமும் கெடுவதில்லை. முந்தைய இரண்டு சுற்றில் சேர்த்த கனிவோடு இது சண்டை போடாது.

பின்விளைவுக்கு ஒரே சோதனை: அக்டோபர் 16 காலையில் அதை உங்களால் செய்ய முடியுமா? நம் பட்டியலில் இருக்கும் தாமதக் கட்டணம் சங்க விதியில் இருப்பது, கணக்கில் ஏற்றினால் போதும், செய்ய முடியும். உங்கள் சங்க விதியில் அப்படி ஒன்று இல்லை என்றால் அதை எழுதக் கூடாது. ‘தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம்’ என்பது போன்ற வரிகளை யார் வற்புறுத்தினாலும் ஏற்காதீர்கள். செய்யாமல் விட்டால் அடுத்த கடிதத்துக்கு மதிப்பிருக்காது. செய்தாலோ சங்கமே சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக் கூடும். ‘கடும் நடவடிக்கை’யைவிட ‘மாதத்துக்கு ரூ.150’ என்பது சிறிய விஷயம்தான். ஆனால் படிப்பவர் அதை நம்புவார், ஏனென்றால் அதில் ஒரு தொகை இருக்கிறது.

> வணக்கம். பி-12 வீட்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பராமரிப்புக் கட்டணம் ரூ.9,000 இன்னும் வரவில்லை. அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள், சரிபார்த்துவிடுகிறோம். இல்லையென்றால் அக்டோபர் 15-க்குள் செலுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு சங்க விதிப்படி மாதத்துக்கு ரூ.150 தாமதக் கட்டணம் சேரும். மொத்தமாகக் கட்டுவது சிரமம் என்றால் அந்தத் தேதிக்குள் பொருளாளரிடம் பேசுங்கள்.

37 சொல். முதல் வரைவைவிடச் சிறியது, அதைவிட அழுத்தமானது, அதைவிடக் கனிவானதும்கூட. கவனித்தால் மூன்று குணமும் மூன்று வேறு இடத்தில் இருக்கின்றன. அழுத்தம் நடுவில், தேதியும் தொகையும் வரும் இரண்டு வாக்கியங்களில். கனிவு அதன் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு வழிகளில். நீளத்தில் அதிகப் பங்கு, செய்தியைச் சொல்லும் முதல் வரியில். ஒரே வாக்கியத்தைக் கனிவாகவும் அழுத்தமாகவும் ஆக்க முயன்றால் ‘தயவுசெய்து கண்டிப்பாகச் செலுத்திவிடுமாறு அன்புடன் எச்சரிக்கிறோம்’ என்பது போல ஏதாவது வந்து நிற்கும். இடத்தைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து இருக்கும்.

‘அந்தத் தேதிக்குள்’ என்பது கடைசி வரியில் புதிதாக வந்திருப்பதையும் பாருங்கள். அழுத்தமான வரியைச் சேர்த்தபோது தவணை வழி தேதி இல்லாமல் திறந்தே கிடந்தது. பதினைந்தாம் தேதி தாண்டியும் ‘பேசலாம்னுதான் இருந்தேன்’ என்று சொல்ல அது இடம் கொடுத்திருக்கும். ஒரு வாக்கியத்தை மாற்றினால் பக்கத்து வாக்கியங்கள் அதற்கு ஈடுகொடுக்கின்றனவா என்று ஒருமுறை பார்ப்பது இதற்குத்தான்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால்

தலைவர் இன்னும் கனிவு வேண்டும் என்கிறார், செயற்குழு உறுப்பினர் இன்னும் அழுத்தம் வேண்டும் என்கிறார். இருவரையும் திருப்திப்படுத்த நடுவில் ஒரு வரைவு எழுதாதீர்கள். ‘இயன்றவரை விரைவில் செலுத்த முயலுங்கள்’ என்பது அப்படிப்பட்ட நடுத்தர வாக்கியம். அதில் தேதியும் இல்லை, அக்கறையும் இல்லை.

அதற்குப் பதிலாக, சர்ச்சைக்குரிய அந்த ஒற்றை வாக்கியத்தை மட்டும் எடுத்து இரண்டு விதமாக எழுதி இருவருக்கும் ஒன்றாக அனுப்புங்கள். “அக்டோபர் 15-க்குள் செலுத்திவிடுங்கள்” என்பதா, “அக்டோபர் 15-க்குள் செலுத்த வேண்டும்” என்பதா? பொதுவாகப் பேசும்போது எதிரெதிராக நிற்பவர்கள், வாக்கியத்தைக் கண்ணால் பார்த்ததும் ஒன்றைத் தேர்ந்துவிடுவார்கள். அப்படியும் முடியவில்லை என்றால், கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அவர் சொல்வதே முடிவு. இதைச் சுற்றுகள் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

சுற்றுகளுக்கும் ஒரு எல்லை வையுங்கள். இந்த அளவுக் கடிதத்துக்கு மூன்று சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் சிக்கல் தொனியில் இருக்காது. என்ன கேட்கப் போகிறோம் என்பதிலேயே இன்னும் முடிவு எட்டப்படவில்லை என்று பொருள். அப்போது வரைவை மூடிவைத்துவிட்டு, மாறாதவை பட்டியலை மட்டும் எல்லோருக்கும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ‘முதல்ல எழுதினதே நல்லா இருந்துச்சு’ என்பவருக்கும் இதே வழிதான். ‘சுற்று 0’ வரைவைத் திறந்து காட்டி, அதிலிருந்து எந்த வரி திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். முழு வரைவும் திரும்ப வேண்டும் என்பது அபூர்வம்.

அனுப்பும் முன்: ஒட்டுப்போட்ட இடங்கள்

பல சுற்று திருத்திய கடிதத்தில், ஒரே மூச்சில் எழுதிய கடிதத்தில் வராத பிழைகள் வரும். அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் கண் தாண்டிவிடும். வாய்விட்டுப் படியுங்கள்.

‘தாங்கள்’ ஒரு வரியிலும் ‘நீங்கள்’ இன்னொரு வரியிலும் இருக்கும். முதல் வரைவிலிருந்து மிஞ்சியது ஒன்று, கனிவுச் சுற்றில் வந்தது மற்றொன்று. அடுத்து, சுட்டுச் சொற்கள். ‘அதற்குப் பிறகு’, ‘மேற்கண்ட தொகை’, ‘அந்தத் தேதி’ இவை சுட்டும் வாக்கியம் இன்னும் மேலே இருக்கிறதா? நம் கடிதத்தில் ‘அனுப்பியிருந்தால்’ வாக்கியத்தை யாராவது கடைசி நேரத்தில் வெட்டினால், ‘இல்லையென்றால் அக்டோபர் 15-க்குள்’ என்பது எதற்கு இல்லையென்றால் என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். போதாததற்கு மிரட்டல் போலவும் ஒலிக்கும்.

கடைசியாக, ஒற்று. சொல்லை மாற்றும்போது அதற்கு முன்னிருந்த சொல்லின் வால் அப்படியே தங்கிவிடும். இரண்டாம் வரைவில் ‘எண்ணை மட்டும் சொல்லுங்கள்’ என்றிருந்தது. மூன்றாவதில் ‘மட்டும்’ போனதும் ‘எண்ணைச் சொல்லுங்கள்’ என்று ச் வர வேண்டும். மறந்தால் ‘எண்ணை சொல்லுங்கள்’ என்று நிற்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும். ‘கட்டணத்தைச் செலுத்துங்கள்’ என்பதை ‘அனுப்புங்கள்’ என்று மாற்றினால் ‘கட்டணத்தைச் அனுப்புங்கள்’ என்று பழைய ஒற்று ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். மாற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள்.

பிறகு இந்த விவகாரமே தெரியாத ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லி, கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேளுங்கள்: எவ்வளவு, எப்போதுக்குள், தாண்டினால் என்ன, யாரிடம் பேசணும்? நான்குக்கும் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டால் அனுப்பிவிடலாம். ஒன்றில் தடுமாறினால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்துங்கள், மற்றதைத் தொட வேண்டாம்.